குதிகாலைத் தொட்டுப் பாருங்கள்



பேச்சைத் தொடங்குமுன் உங்களிடம் ஒரு வேலை வாங்கப் போகிறேன். உட்கார்ந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றி, ஒரு காலை மறுகாலின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். குதிகால் எலும்புக்கு மேலே, கணுக்காலின் பின்பக்கமாக, கெட்டியான ஒரு கயிறு கெண்டைக்கால் வரை ஓடும். நம் ஊரில் அதைக் குதிகால் நரம்பு என்பார்கள். அது நரம்பல்ல, தசைநாண். கெண்டைத் தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, மேலிருந்து கீழே மெதுவாக உருவிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு ஓரங்கள் கூர்மையாக, தட்டையாக, வழவழப்பாக இருக்கும். யாருக்காவது அது தடித்து, இருபுறமும் உருண்டு, மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.

ரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுந்தால் உடம்பின் மேற்பரப்பில் சில இடங்களில் அது தென்படும். அவற்றில் மூன்று இடங்களைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, கண்ணிமை ஓரத்தில் மஞ்சள் படிவு. இரண்டாவது, கருவிழியின் விளிம்பில் சாம்பல் நிற வளையம். மூன்றாவது, நீங்கள் இப்போது தொட்டுப் பார்த்த தசைநாணின் தடிப்பு. முதல் இரண்டும் கண்ணாடியில் தெரிகின்றன. அதனால் மக்கள் கவலைப்பட்டு வந்து கேட்கிறார்கள். மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை, மருத்துவர்களும்கூட. ஆனால் மூன்றிலும் மிக உறுதியாகச் செய்தி சொல்வது அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு தையற்காரர் வந்தார். வயது 34. ஒல்லியான மனிதர். பீடி, மது எதுவும் கிடையாது. வந்தது நெஞ்செரிச்சலுக்காக. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "டாக்டர் சார், இன்னொன்னு. குதிகால் வலி. மெஷின் மிதிச்சு மிதிச்சு நரம்பு தடிச்சுப் போச்சு. எம்.சி.ஆர். செருப்பு போட்டும் கேக்கல" என்றார்.

இரண்டு ஆண்டுகளாக வலி மாத்திரை தின்றிருக்கிறார். எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எலும்பில் ஒன்றுமில்லைதான். அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லி, பாதங்கள் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைத்துத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு குதிகால் நாண்களும் சுண்டுவிரல் பருமனுக்கு உருண்டிருந்தன. ஒரு கால் மட்டுமென்றால் மெஷின் மிதித்ததால் வந்த தடிப்பென்று நானும் விட்டிருக்கக்கூடும். அடுத்து கையை முஷ்டியாக மடக்கச் சொன்னேன். நடுவிரல் முட்டியின் மேல் விரலை நீட்டும் நாணில், உளுந்தளவு இரண்டு முடிச்சுகள். விரலை மடக்கி நீட்டினால் அந்த முடிச்சும் கூடவே முன்னும் பின்னும் நகர்ந்தது. மேலே இருக்கிற தோல் நகரவில்லை. கட்டி தோலில் இல்லை, நாணுக்குள்ளேயே இருக்கிறது என்று இதிலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம்.

மருத்துவத்தில் இதற்குத் தசைநாண் சாந்தோமா என்று பெயர். 'சாந்தோஸ்' என்றால் கிரேக்க மொழியில் மஞ்சள். பெயரில்தான் மஞ்சள். நாணின் மேலுள்ள தோல் இயல்பான நிறத்திலேயே இருக்கும். நிறத்தைத் தேடுகிறவர் கண்ணுக்கு இது அகப்படாது, விரலுக்குத்தான் அகப்படும். யூரிக் அமிலம் கூடினால் வரும் கவுட் கட்டியோடு இதைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. கவுட் கட்டி காது மடலிலும் விரல் மூட்டுகளிலும் வரும், சில சமயம் சுண்ணாம்புபோல் வெள்ளையாகக் கசியும், இடையிடையே மூட்டு சிவந்து கொதிக்கும். சாந்தோமா அப்படிக் கொதிக்காது. ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் தடிக்கும்.

பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். கருவிழியின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் பிறைபோல் சாம்பல் வெள்ளைக் கோடு. அப்போதுதான் கேட்டேன்: "அப்பா இருக்காங்களா?"

"இல்ல சார். எனக்குப் பதினாலு வயசுலயே தவறிட்டாரு. பஸ் ஸ்டாண்டுல நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவர்தான். நாப்பத்திரண்டு வயசு."

ரத்தப் பரிசோதனை முடிவு இது: மொத்தக் கொலஸ்ட்ரால் 378. எச்.டி.எல். 44. டிரைகிளிசரைடு 130. கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல்.லைக் கணக்கிட, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடின் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். 378இலிருந்து 44ஐயும் 26ஐயும் கழித்தால் 308. நூறை ஒட்டி இருக்க வேண்டியது அவருக்கு மூன்று மடங்கு இருந்தது.

இங்கே அவசரப்படக் கூடாது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நோய் இருந்தாலும், பித்தக் குழாய் அடைத்திருந்தாலும் கொலஸ்ட்ரால் இப்படி ஏறும். அதனால் டி.எஸ்.எச்., சிறுநீர்ப் புரதம், கல்லீரல் சோதனைகள் எல்லாம் பார்த்தோம். மூன்றும் சரியாக இருந்தன. அப்படியானால் இது பிறப்பிலேயே வந்தது.

நெதர்லாந்தில் வகுத்த ஒரு மதிப்பெண் முறை இதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. தசைநாண் தடிப்புக்கு 6. எல்.டி.எல். 250க்கும் 329க்கும் இடையில் இருந்தால் 5. தந்தைக்கு 55 வயதுக்குமுன் மாரடைப்பு வந்திருந்தால் 1. கண் வளையம் 45 வயதுக்குமுன் வந்தால் அதற்கு 4 உண்டு, ஆனால் உடல் அடையாளங்களில் பெரியது ஒன்றை மட்டுமே எண்ண வேண்டும். ஆகவே 6, 5, 1. மொத்தம் 12. எட்டைத் தாண்டினாலே உறுதி என்று கொள்ளலாம். அவருக்கு இருந்தது பரம்பரை உயர் கொலஸ்ட்ரால் நோய்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "நான் முட்டையே வாரத்துக்கு ஒண்ணுதான் சார் சாப்பிடுவேன். எப்படி வந்துச்சு?"

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த கதை நெடியது. 1938இல் ஆஸ்லோவில் கார்ல் முல்லர் என்ற மருத்துவர், தசைநாண் கட்டிகளும் உயர் கொலஸ்ட்ராலும் இளவயது இதய நோயும் சில குடும்பங்களில் ஒன்றாகவே வழிவழி வருவதை எழுதினார். ஏன் என்பது அப்போது தெரியவில்லை. 1970களில் அமெரிக்காவின் டாலஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் இந்த நோய் மிகக் கடுமையாக இருந்த நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்தார்கள். நம் செல்களின் மேல், ரத்தத்தில் மிதந்துவரும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் கைகள்போல் சில ஏற்பிகள் உண்டு. அந்த நோயாளிகளின் செல்களில் அந்தக் கை வேலை செய்யவே இல்லை. இதற்காக 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உடம்பில் அந்தக் கைகள் அதிகம் இருப்பது கல்லீரலில். நம் தையற்காரருக்குத் தாய்வழி மரபணு நன்றாக இருக்கிறது, தந்தைவழி வந்தது பழுது. ஆகவே கைகளில் பாதிதான் வேலை செய்கின்றன. கல்லீரல் வாங்காத எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. சுற்றுவது கசியும். கசிந்ததை, குப்பை பொறுக்கும் வெள்ளை அணுக்கள் விழுங்கி விழுங்கி, நுரை ததும்பும் செல்களாக உப்பிப்போகின்றன. குதிகால் நாணும் முட்டி நாணும் நாள்தோறும் இழுபட்டு வேலை செய்கிற இடங்கள், அங்கே இந்த நுரைச் செல்கள் சேர்கின்றன. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவரில் சேர்வதும் இதே நுரைச் செல்கள்தான். அதனால்தான் குதிகாலைப் பிடித்துப் பார்த்த கையோடு நான் அவர் அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

சாப்பாட்டைக் குறைத்தால் இந்த நோயில் எல்.டி.எல். நூற்றுக்குப் பத்தோ பதினைந்தோ இறங்கும். 308ஐ அது 270க்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். ஒல்லியாக இருப்பவர்களுக்குக் கொலஸ்ட்ரால் வராது என்ற நம்பிக்கையை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த நம்பிக்கையால் பரிசோதனையே செய்யாமல் இருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கண்ணிமைக்கு வருவோம். உங்களில் அதிகம் பேர் கேட்க விரும்புவது இதைத்தான். மூக்குப் பக்கத்து ஓரத்தில், பெரும்பாலும் மேல் இமையில், வெண்ணெய் தடவியதுபோல மஞ்சளாக, மெத்தென்று ஒரு படிவு வரும். வலிக்காது, அரிக்காது. சாந்தெலாஸ்மா என்று பெயர். இதற்குள்ளும் அதே நுரைச் செல்கள்தான். ஆனாலும் இது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தக் கொலஸ்ட்ரால் சரியாகவே இருக்கிறது. எனவே இதைப் பார்த்ததும் பரம்பரை நோய் என்று முடிவு கட்ட முடியாது. ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

ஏன் தள்ள முடியாது என்பதற்குக் கோபன்ஹேகன் நகரத்து ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். 1976இலிருந்து 1978வரை சுமார் 12,700 பேரின் கண்களைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு, 30 ஆண்டுகளுக்கு மேல் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். இமைப் படிவு இருந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர் சொச்சம். கண் வளையம் இருந்தவர்கள் நான்கில் ஒரு பங்கு. வயது, புகை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் அளவு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும், இமைப் படிவு இருந்தவர்களுக்கு மாரடைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகமாக வந்திருந்தது. கண் வளையத்துக்கு அப்படிக் கழித்த பிறகு தனிப் பொருள் எதுவும் மிஞ்சவில்லை. அதாவது, கொலஸ்ட்ரால் சரியாக இருக்கும் ஒருவரின் ரத்தக் குழாயும் கொழுப்பை எளிதில் படியவிடும் இயல்புள்ளதாக இருக்கலாம், இமை அதைக் காட்டிக்கொடுக்கலாம். எனவே இமையில் மஞ்சள் கண்டால் கொலஸ்ட்ரால், சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு பார்த்துவிடுங்கள். அளவு நன்றாக இருந்தாலும் புகைப்பவர் புகையை விடுவதற்கு அது இன்னொரு காரணம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மருவுக்குச் சுண்ணாம்பு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. இமைப் படிவை மருவென்று எண்ணி அங்கே சுண்ணாம்பு வைத்துவிடாதீர்கள். துளி கண்ணுக்குள் இறங்கினால் கருவிழி வெந்துபோகும். ஓர் அம்மாள் அப்படி வந்தார். சுண்ணாம்பு வைத்த இமையில் படிவு அப்படியே இருந்தது, பார்வைதான் மங்கியிருந்தது. அழகுக்காக எடுக்க வேண்டுமென்றால் லேசரிலோ, சிறு அறுவையிலோ, தோல் மருத்துவர் வைக்கும் அமிலத்திலோ எடுக்கலாம். திரும்ப வரவும் கூடும். எடுக்குமுன் ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். தோலை மட்டும் சரிசெய்து கொண்டு போய்விட்டால், அது சொல்ல வந்தது காதில் விழாமலே போகும்.

சாம்பல் வளையத்துக்கு என் கண்ணையே காட்டுகிறேன். முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். எனக்கு வயது 66. இந்த வளையம் ஐம்பத்தைந்து வாக்கில் வந்தது. அறுபதைத் தாண்டியவர்களில் நிறையப் பேருக்கு இருக்கும், அவர்களுக்கு இதை மூப்பின் அடையாளம் என்றே எடுத்துக்கொள்ளலாம். கருவிழிக்கு வெளியே வெள்ளைப் பகுதியிலுள்ள நுண்குழாய்களிலிருந்து கொழுப்பு கசிந்து, விழிமுன் படலத்தின் விளிம்பில் படிகிறது. முதலில் மேலே ஒரு பிறை, கீழே ஒரு பிறை, பிறகு இரண்டும் கூடி வட்டமாகும். வட்டத்துக்கும் வெள்ளை விழிக்கும் நடுவே நூல்போலத் தெளிவான ஓர் இடைவெளி விடுபட்டிருக்கும். பார்வையை இது மறைக்காது. புரை என்று பயந்து வருகிறார்கள். புரை உள்ளே லென்ஸில் வருவது, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதே வளையம் 45 வயதுக்குள் வந்தால் கதை வேறு. முப்பது வயதுப் பெண்ணின் கண்ணில் கண்டால் அன்றைக்கே கொலஸ்ட்ரால் பார்க்க வேண்டும். இன்னொன்று, வளையம் ஒரு கண்ணில் மட்டும் இருந்தால், வளையம் இல்லாத பக்கத்துக் கழுத்து ரத்தக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் ரத்தம் குறைவாகப் போவதால் கொழுப்பும் குறைவாகப் படிந்திருக்கலாம். நம் கண் போகிறது வளையம் இருக்கும் பக்கத்துக்கு, தேட வேண்டியது மறுபக்கம்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால், வளையத்துக்கு வயதைக் கேட்க வேண்டும், இமைக்கு ரத்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும், குதிகால் தடித்திருந்தால் குடும்பத்தையே கேட்க வேண்டும். நாண் தடிப்பு வேறெதிலும் வராதா என்றால், மிக அரிதான ஓரிரண்டு பிறவி நோய்களில் வரும். அதில் ஒன்றில் எல்.டி.எல். இயல்பாகவே இருக்கும், சிறு வயதிலேயே கண்புரையும் தீராத வயிற்றுப்போக்கும் இருக்கும், பின்னால் மூளை கெடும். மருந்து உள்ள நோய் அது. ஆகவே நாண் தடித்து, கொலஸ்ட்ரால் சரியாக இருந்தால் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடக் கூடாது.

தையற்காரரிடம் திரும்பி வருகிறேன். அவருக்கு மருந்து எழுதியதோடு என் வேலை முடிந்துவிடவில்லை. பழுதான மரபணு பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவருக்கு ஒன்பது வயது மகளும் ஐந்து வயது மகனும் இருந்தார்கள். மகளுக்கு எல்.டி.எல். 212. மகனுக்கு 84. அந்தப் பெண் குழந்தையின் கண், இமை, குதிகால் எல்லாவற்றையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஓர் அடையாளமும் இல்லை. இந்த நோயில் நாண் தடிக்க இருபது முப்பது ஆண்டுகள் ஆகும், சிலருக்குக் கடைசிவரை தடிக்கவே தடிக்காது. அடையாளம் இருந்தால் நோய் இருக்கிறது என்று நம்பலாம். அடையாளம் இல்லாததால் நோய் இல்லை என்று நம்ப முடியாது. அவள் சிக்கியது அவளுடைய அப்பாவின் குதிகாலால்.

தையற்காரரின் 27 வயதுத் தங்கைக்கு எல்.டி.எல். 271. அவருக்கு அத்தை மகனோடு திருமணம் பேசி முடித்திருந்தார்கள். இதைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. அப்பாவிடம் இருந்த பழுது அத்தையிடமும், அத்தை வழியாக மகனிடமும் இருக்கக்கூடும். இருவரிடமும் அது இருந்து மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டு மரபணுவும் பழுதாகப் பிறக்க. அப்படிப் பிறந்தால் எல்.டி.எல். ஐந்நூறைத் தாண்டும். பள்ளிக்கூட வயதிலேயே முட்டியிலும் முழங்கையிலும் விரல் இடுக்கிலும் மஞ்சள் கட்டிகள் வரும். மருத்துவம் இல்லாவிட்டால் இருபது வயதுக்குள் மாரடைப்பு வரலாம். சொந்தத்தில் பெண் எடுக்கும் நம் பக்கத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளைக் காண்பது வெறும் ஏட்டுக்கதை அல்ல.

வீட்டுப் பெரியவர்கள் கோபப்பட்டார்கள். பெண்ணுக்கு நோய் என்று கல்யாணத்தை நிறுத்தப் பார்க்கிறேன் என்றார்கள். நான் சொன்னது ஒன்றுதான்: "கல்யாணத்தை நிறுத்தச் சொல்லலைங்கம்மா. மாப்பிள்ளைக்கும் ஒரு தடவை ரத்தம் பார்த்துடுங்க." பார்த்தார்கள். அவருக்கு 104. திருமணம் நடந்தது. குழந்தைக்குத் திட்டமிடும்போது மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே என்னிடம் பேச வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி வைத்தேன், அப்படியே வந்து பேசினார்.

தையற்காரருக்கு ரோசுவாஸ்டாடின் 20 மில்லிகிராம் கொடுத்தேன். ஸ்டாடின்கள் கல்லீரலுக்குள் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கின்றன. உள்ளே குறைந்ததும் கல்லீரல் வெளியே இன்னும் கைகளை நீட்டுகிறது. நல்ல மரபணு ஒன்று இருப்பதால் அவருக்கு அது முடிகிறது. ஆறு வாரத்தில் 308 என்பது 152 ஆயிற்று. குடல் உறிஞ்சுவதைத் தடுக்கும் எசெடிமைப் 10 மில்லிகிராம் சேர்த்தோம், 119 ஆயிற்று. எட்ட வேண்டியது 70. அதற்கு ஊசி மருந்து உண்டு, இருப்பதில் பாதிக்கு மேல் இறக்கும். ஆனால் தையல் கூலியில் அதை மாதாமாதம் வாங்க முடியாது என்பதை மறைக்காமல் பேசிக்கொண்டோம். 20ஐ 40 ஆக்கினோம், 108இல் நிற்கிறது. இதயத்தில் இதுவரை பழுதில்லை. மகளுக்கு ஒன்பது வயதிலேயே குழந்தைகள் இதய மருத்துவரைக் கலந்து குறைந்த அளவில் ஸ்டாடின் தொடங்கினோம்.

மருந்து தொடங்கி மூன்று மாதம் கழித்துத் தையற்காரர் அதை நிறுத்திவிட்டு வந்தார். "வலி குறையல, குதிகால் அப்படியேதான் சார் இருக்கு." முன்பே சொல்லியிருக்க வேண்டியது என் கடமை, சொல்லத் தவறிவிட்டேன். நாணில் படிந்தது ஆண்டுக்கணக்கில் மெல்லத்தான் கரையும். கண் வளையம் போகவே போகாது. அடையாளம் மறைகிறதா என்று பார்த்து மருந்தை எடை போடக் கூடாது, ரத்தத்தில் எண் இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மறுபடி தொடங்கினார். ஸ்கேனில் 11 மில்லிமீட்டர் இருந்த நாண், மூன்றாம் ஆண்டில் 9 ஆகியிருந்தது. இன்னும் மெஷின் மிதிக்கிறார். வலி குறைந்திருக்கிறது.

ஏறக்குறைய 250, 300 பேருக்கு ஒருவரிடம் இந்த ஒற்றைப் பழுது இருக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. இந்த மண்டபத்தில் இருக்கும் கூட்டத்துக்கு ஒருவராவது இருக்கக்கூடும். வீட்டில் ஆண்கள் 55க்குள், பெண்கள் 60க்குள் நெஞ்சடைத்துப் போயிருந்தால், அந்த வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் வெறும் கொலஸ்ட்ரால் சோதனை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். எல்.டி.எல். 190ஐத் தாண்டினால் மருத்துவரிடம் குதிகாலையும் காட்டுங்கள். அவர் பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

தையற்காரர் குடும்பத்தில் பதினோரு பேருக்குப் பார்த்தோம், ஐந்து பேருக்கு இருந்தது. சித்தப்பா ஒருவர் மட்டும் இன்னும் வரவில்லை. வெளியூரில் லாரி ஓட்டுகிறார். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்கிறாராம். வயது 51. தையற்காரர் ஒவ்வொரு முறை மருந்து வாங்க வரும்போதும் அவரைப் பற்றிக் கேட்கிறேன். போன மாதம் வந்தவர், ஒரு கல்யாண வீட்டில் சித்தப்பா செருப்பைக் கழற்றும்போது பின்னால் நின்று பார்த்ததாகச் சொன்னார். "என்னுது மாதிரியேதான் சார் உருண்டு இருக்கு" என்றார். அடுத்த வாரம் கையைப் பிடித்தாவது கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.